டிக்-டாக்-டோ ஏன் சமனில் முடிகிறது? ஆட்ட மரம் வழியாக ஒரு விளக்கம்

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம்மில் பலரும் ஆடிய ஆட்டம் டிக்-டாக்-டோ. ஒன்பது கட்டங்களில் முதலில் ஆடுபவர் பெருக்கல் குறியும் அடுத்தவர் வட்டமும் மாறி மாறிப் போட வேண்டும். கிடையாகவோ நெடுக்காகவோ மூலைவிட்டமாகவோ தம் குறிகள் மூன்றை ஒரே கோட்டில் முதலில் அமைப்பவர் வென்றவர். சில வாரங்கள் ஆடிப் பழகியவர்களுக்கு ஒன்று புரிந்துவிடும்: இருவரும் கவனமாக ஆடினால் யாரும் வெல்வதில்லை. ஆனால் பழக்கத்தில் தெரிந்துகொள்வது வேறு, வேறு வழியே இல்லை என்று நிறுவுவது வேறு.

நிறுவ முற்படும்போது சில எண்கள் குறுக்கே நிற்கின்றன. ஒருவர் வென்றவுடன் ஆட்டம் நின்றுவிடும் என்ற விதியோடு எண்ணினால், இந்த ஒன்பது கட்டங்களில் ஆடக்கூடிய வெவ்வேறு ஆட்டங்கள் மொத்தம் 2,55,168. அவற்றுள் 1,31,184 ஆட்டங்களில் முதலில் ஆடியவர் வெல்கிறார். 77,904 ஆட்டங்களில் அடுத்தவர் வெல்கிறார். சமனில் முடிபவை 46,080 மட்டுமே. என்னிடம் கணிதம் படித்த ஒரு மாணவி இந்த எண்களைப் பார்த்துவிட்டு, “பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் முதல் ஆள் ஜெயிக்கிறார், ஐந்தில் ஒரு பங்கு கூட சமன் இல்லை, பிறகு எப்படி சார் இதைச் சமன் ஆட்டம் என்கிறீர்கள்?” என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. ஆட்டங்களை எண்ணிப் பார்ப்பதால் இதற்கு விடை கிடைக்காது. அவற்றை ஒரு மரமாக அடுக்கி, ஒவ்வொரு கிளையிலும் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

ஆட்ட மரம் என்பது எளிய ஓர் அமைப்பு. வெறும் பலகை அதன் வேர். அந்த நிலையிலிருந்து செய்யக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கிளை. கிளையின் முனையில், அந்த நகர்வுக்குப் பின் பலகை எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் ஒரு கணு. அந்தக் கணுவிலிருந்து எதிராளியின் நகர்வுகள் அடுத்த கிளைகளாகப் பிரியும். இனி ஆட முடியாத நிலை, அதாவது ஒருவர் வென்ற நிலை அல்லது கட்டங்கள் நிரம்பிய நிலை, இலை எனப்படும். வேரிலிருந்து ஓர் இலை வரை செல்லும் ஒரு பாதை ஒரு முழு ஆட்டம். கணினி அறிவியலில் இந்த மரத்தைத் தலைகீழாக, வேர் மேலேயும் இலைகள் கீழேயும் இருக்கும்படி வரைவது வழக்கம்; நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இனி முதலில் ஆடுபவரை முதலாமவர் என்றும் அடுத்தவரை இரண்டாமவர் என்றும் அழைப்பேன். படங்களில் முதலாமவரின் குறி X, இரண்டாமவரின் குறி O. கட்டங்களுக்கு இவ்வாறு எண் கொடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இந்த எண்களே வரும் என்பதால், ஒரு தாளில் இதை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

```
1 2 3
4 5 6
7 8 9
```

முழு மரத்தைத் தொடுவதற்கு முன், அதன் அடியில் தொங்கும் ஒரு சிறு கொத்தை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். மூன்று கட்டங்களே மீதமுள்ள இந்த நிலையில் முதலாமவர் ஆட வேண்டும்.

```
O X .
O X X
. O .
```

மீதமுள்ள கட்டங்கள் 3, 7, 9. பார்த்தவுடன் கண்ணை இழுப்பது கட்டம் 3. அங்கே குறி போட்டால் முதலாமவருக்கு 3-5-7 என்ற மூலைவிட்டத்திலும் 3-6-9 என்ற நெடுக்குக் கோட்டிலும் இரண்டிரண்டு குறிகள் சேர்ந்துவிடும். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்றில் முடிக்கலாம். இப்படி ஒரே சமயத்தில் இரண்டு கோடுகளில் வெற்றியைக் காட்டி நிற்பதை இரட்டை மிரட்டல் என்போம். இது கிடைத்துவிட்டால் ஆட்டம் நம் கையில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் இங்கே 3-இல் ஆடினால் முதலாமவர் தோற்றுவிடுவார், ஏனென்றால் இரண்டாமவருக்குத் தடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் 7-இல் வட்டம் போட்டு 1-4-7 என்ற கோட்டை முடித்துவிடுவார்.

மரமாக எழுதினால் இது தெளிவாகும். இலைகளுக்கு மதிப்புக் கொடுப்போம்: முதலாமவர் வென்றால் +1, இரண்டாமவர் வென்றால் -1, சமன் என்றால் 0.

```
X3 ── O7            -1
   └─ O9 ── X7      +1

X7 ── O3 ── X9       0
   └─ O9 ── X3      +1

X9 ── O7            -1
   └─ O3 ── X7       0
```

இந்தக் கொத்தில் ஆறு இலைகள் உள்ளன. இவற்றின் மதிப்புகளைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். X3 என்ற கிளையின் அடியில் -1, +1 என இரண்டு முடிவுகள் இருக்கின்றன; ஆனால் அந்த இடத்தில் தேர்வு இரண்டாமவருடையது. அவர் தமக்கு நல்லதை, அதாவது சிறிய எண்ணைத்தான் எடுப்பார். ஆகவே X3 என்ற கணுவின் மதிப்பு -1. அதே முறையில் X7-இன் மதிப்பு 0, X9-இன் மதிப்பு -1. இப்போது ஒரு படி மேலே போனால், தேர்வு முதலாமவருடையது. அவர் -1, 0, -1 ஆகிய மூன்றில் பெரியதை எடுப்பார். ஆகவே இந்த நிலையின் மதிப்பு 0, ஆட வேண்டிய கட்டம் 7.

மொத்த முறையும் இவ்வளவுதான். முதலாமவர் ஆடும் கணுவில் கிளைகளின் மதிப்புகளில் பெரியதை எடு, இரண்டாமவர் ஆடும் கணுவில் சிறியதை எடு, இலையிலிருந்து தொடங்கி வேர் வரை ஏறு. வேரில் நிற்கும் எண்தான் பிழையற்ற ஆட்டத்தின் முடிவு. இந்தச் சிறு கொத்தில் மாணவியின் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது. இதன் ஆறு இலைகளில் முதலாமவர் வெல்பவை இரண்டு, தோற்பவை இரண்டு, சமன் இரண்டு. முதலாமவரின் இரண்டு வெற்றிகளும் இரண்டாமவர் ஒருமுறை தவறு செய்தால் மட்டுமே அடையக்கூடியவை; அவருடைய இரண்டு தோல்விகளும் அவரே தவறு செய்தால் மட்டுமே வருபவை. இலைகள் மரத்தில் இருப்பது உண்மை, ஆனால் அவற்றுக்குப் போகும் வழியில் யாரோ ஒருவர் தமக்குக் கெடுதலான கிளையை எடுத்திருக்க வேண்டும்.

இதே வேலையை வேர் வரை செய்தால் ஐந்தரை லட்சம் கணுக்கள் கொண்ட மரம் கிடைக்கும்; துல்லியமாகச் சொன்னால் வேரையும் சேர்த்து 5,49,946. கையால் இதை வரைய யாராலும் முடியாது. ஆனால் இரண்டு காரணங்களால் அவ்வளவையும் வரைய வேண்டியதில்லை.

முதற்காரணம் சமச்சீர். பலகையைத் திருப்பினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஆட்டம் மாறுவதில்லை. ஆகவே முதல் நகர்வில் ஒன்பது வாய்ப்புகள் இருப்பதுபோல் தோன்றினாலும் உண்மையில் இருப்பவை மூன்றே: நடுக்கட்டம், ஒரு மூலை, ஒரு விளிம்பு. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. வேரின் மதிப்பு 0 என்று காட்ட, எல்லாக் கணுக்களின் மதிப்பும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு உறுதிமொழிகள் போதும். ஒன்று, இரண்டாமவர் என்ன செய்தாலும் முதலாமவர் தோற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மற்றொன்று, முதலாமவர் என்ன செய்தாலும் இரண்டாமவர் தோற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. முதல் உறுதிமொழியைக் காட்டும்போது முதலாமவரின் கணுக்களில் ஒரே ஒரு நல்ல கிளையைக் காட்டினால் போதும், ஆனால் இரண்டாமவரின் கணுக்களில் எல்லாக் கிளைகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு இது அப்படியே தலைகீழ். ஆக, முழு மரத்துக்குப் பதில் இரண்டு அரை மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிலை விட்டு ஒரு நிலை ஒற்றைக் கிளையாகச் சுருங்கிவிடுகிறது. தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: தாம் காக்க விரும்பும் ஆட்டக்காரருக்கு ஒரு வழியைக் காட்டிவிட்டு, எதிராளிக்கும் ஒரே ஒரு பதிலை மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். எதிராளியின் ஒரு கிளை விடுபட்டாலும் அது நிறுவல் ஆகாது, ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

முதலாமவரின் அரை மரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. முதலாமவர் 5-இல் தொடங்குகிறார். சமச்சீரின்படி இரண்டாமவருக்கு இரண்டே வகையான பதில்கள்: விளிம்பு அல்லது மூலை. அவர் விளிம்பில், 2-இல் ஆடினார் என்று கொள்வோம். முதலாமவர் 1-இல் ஆடி 1-5-9 கோட்டில் மிரட்டுகிறார். இரண்டாமவர் 9-இல் தடுத்தே ஆக வேண்டும். அடுத்து முதலாமவர் 7-இல் ஆடுகிறார். இப்போது 1-4-7 கோட்டில் 4-உம் 3-5-7 கோட்டில் 3-உம் மட்டுமே பாக்கி. இரண்டாமவரின் குறிகள் 2, 9 ஆகிய இடங்களில் எந்த மிரட்டலும் இல்லாமல் நிற்கின்றன. முன்பு பார்த்த போலியான இரட்டை மிரட்டலுக்கும் இந்த உண்மையான இரட்டை மிரட்டலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்: எதிராளியால் உடனே முடிக்க முடியாதபோதுதான் அது வெற்றி. ஆகவே நடுவில் தொடங்கியவருக்கு விளிம்பில் பதில் சொன்னவர் தோற்றார்.

இரண்டாமவர் மூலையில், 1-இல் ஆடினால்? முதலாமவர் 2-இல் ஆடி 2-5-8 கோட்டில் மிரட்டுகிறார். இரண்டாமவர் 8-இல் தடுக்காவிட்டால் அங்கேயே தோல்வி. தடுத்த பின் முதலாமவர் 4-இல் ஆடி 4-5-6 கோட்டில் மிரட்டுகிறார். இரண்டாமவர் 6-இல் தடுத்தாக வேண்டும். பிறகு முதலாமவர் 9-இல் ஆடுகிறார்.

```
O X .
X X O
. O X
```

பலகையில் உள்ள எட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். நடுக்கட்டம் நான்கு கோடுகளை மறிக்கிறது. 2-இல் உள்ள குறி மேல் கோட்டை மறிக்கிறது. 4-இல் உள்ளது இடப்பக்கக் கோட்டை. 9-இல் உள்ளது கீழ்க்கோட்டையும் வலப்பக்கக் கோட்டையும். எட்டிலும் முதலாமவரின் குறி இருப்பதால், இனி இரண்டாமவர் வெல்வதற்கு ஒரு கோடும் மிச்சமில்லை. இடையில் இரண்டாமவர் வேறு கட்டத்துக்குப் போயிருந்தால் முதலாமவர் வென்றிருப்பார். முதலாமவர் தோற்காமல் இருக்க வழி உண்டு என்பதற்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

இரண்டாமவரின் அரை மரம் சற்றே பெரியது, ஏனென்றால் இப்போது முதலாமவரின் எல்லா நகர்வுகளுக்கும் பதில் வேண்டும். மூன்று தொடக்கங்களையும் வரிசையாகப் பார்ப்போம். நடுவில் தொடங்கினால் இரண்டாமவர் 1-இல் ஆட வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இப்போது பலகை 1-5-9 மூலைவிட்டத்தைப் பொறுத்துச் சமச்சீராக இருப்பதால், முதலாமவரின் அடுத்த ஏழு வாய்ப்புகள் நான்காகச் சுருங்குகின்றன: 2, 3, 6, 9.

இவற்றுள் 9 மிகவும் நயவஞ்சகமானது. அங்கே ஆடுவதால் எந்த மிரட்டலும் வருவதில்லை, எனவே இரண்டாமவர் எங்கு வேண்டுமானாலும் ஆடலாம் என்று நினைத்துவிடுவார். அவர் 2-இல் ஆடினால், முதலாமவர் 3-இல் தடுத்து, அதே நகர்வில் 6-க்கும் 7-க்கும் இரட்டை மிரட்டல் கொடுத்து வென்றுவிடுவார். மற்ற விளிம்புகளும் இதேபோல் தோல்வியே. மூலையில், அதாவது 3-இல் ஆடினால் மட்டும் தப்பலாம்: அது 2-இல் மிரட்டுவதால் முதலாமவர் 2-இல் தடுக்க வேண்டும், அது 8-இல் மிரட்டுவதால் இரண்டாமவர் 8-இல் தடுக்கிறார். பின்பு மீதமுள்ளவை 4, 6, 7. முதலாமவருக்குத் திறந்திருக்கும் ஒரே கோடு 4-5-6. அவர் அதில் ஒன்றை எடுத்தால் இரண்டாமவர் மற்றொன்றை எடுப்பார், அவர் 7-ஐ எடுத்தால் இவர் 4-ஐ எடுத்துக் கோட்டை மூடிவிடுவார். சமன்.

முதலாமவர் 3-இல் ஆடினால் தொடர்ச்சி ஏறத்தாழ முழுவதும் கட்டாயமானது: இரண்டாமவர் 7, முதலாமவர் 4, இரண்டாமவர் 6, அதன்பின் 2, 8 இரண்டில் ஒன்று இரண்டாமவருக்குக் கிடைத்தே தீரும் என்பதால் சமன். அவர் 6-இல் ஆடினாலும் அப்படியே: 4, 7, 3, 2, 8 என்று ஒருவர் மாற்றி ஒருவர் தடுத்துக்கொண்டே போய் 9-இல் பலகை நிரம்புகிறது.

முதலாமவர் 2-இல் ஆடும்போதுதான் மரம் அகலமாகிறது. இரண்டாமவர் 8-இல் தடுத்த பின் 3, 4, 6, 7, 9 என்ற ஐந்து கிளைகள் முதலாமவருக்கு இருக்கின்றன. அவர் 3-இல் ஆடினால் இரண்டாமவர் 7-இல் தடுக்கிறார், அந்தத் தடுப்பே 4-க்கும் 9-க்கும் இரட்டை மிரட்டலாகி இரண்டாமவர் வெல்கிறார். அவர் 4-இல் ஆடினால் 6-இல் தடுப்பு. 7-இல் ஆடினால் 3-இல் தடுப்பு. இரண்டிலும் அதன்பின் முதலாமவருக்கு ஒரே ஒரு கோடுதான் திறந்திருக்கும், அதில் காலியாக உள்ள இரு கட்டங்களில் ஒன்று இரண்டாமவருக்குக் கிடைக்கும். அவர் 9-இல் ஆடினால் மீண்டும் மிரட்டலற்ற பொறி: அடுத்து 3-இலோ 6-இலோ ஆடி இரட்டை மிரட்டல் தர அவர் காத்திருப்பார். இரண்டாமவர் 7-இல் ஆடி 1-4-7 கோட்டில் தாமே மிரட்டினால் முதலாமவர் 4-இல் தடுக்க வேண்டிவரும், 6-இல் இரண்டாமவர் தடுக்க, கடைசிக் கட்டமான 3-இல் யாருக்கும் பயனில்லை. கடைசியாக, அவர் 6-இல் ஆடி இரண்டாமவர் 4-இல் தடுத்தால் வருவது நாம் தொடக்கத்தில் மரமாக வரைந்த அதே நிலை. அதன் மதிப்பு 0 என்று ஏற்கெனவே கண்டுவிட்டோம்.

மூலைத் தொடக்கத்துக்கு இரண்டாமவரின் பதில் நடுக்கட்டம். முதலாமவர் 1, இரண்டாமவர் 5 என்ற நிலையிலும் அதே நான்கு கிளைகள்: 2, 3, 6, 9. எதிர் மூலையான 9 இங்கும் பொறிதான், ஆனால் இம்முறை தப்பும் வழி நேர்மாறானது. இரண்டாமவர் மூலையில், 3-இல் ஆடினால் முதலாமவர் 7-இல் தடுத்து 4-க்கும் 8-க்கும் இரட்டை மிரட்டல் தருவார். விளிம்பில், 2-இல் ஆடினால் 8, 7, 3, 6, 4 என்று கடைசிக் கட்டம் வரை ஒவ்வொரு நகர்வும் ஒரு மிரட்டலைத் தடுக்கும் கட்டாய நகர்வாகவே அமைந்து சமனில் முடியும். இந்த ஒரு தொடரைத் தாளில் ஆடிப் பார்ப்பது இந்தக் கட்டுரையில் நான் பரிந்துரைக்கும் ஒரே பயிற்சி. தேர்வே இல்லாத கிளை எப்படி இருக்கும் என்பது அதில் கண்கூடாகத் தெரியும். மற்ற மூன்று கிளைகள் எளியவை. முதலாமவர் 2-இல் ஆடினால் 3, 7, 4, 6 எனத் தடுப்புகள் தொடர்ந்து அடங்கிவிடும். 3-இல் ஆடினால் இரண்டாமவர் 2, முதலாமவர் 8, பின்பு இரண்டாமவர் 4-இல் மிரட்ட, 6, 9 என முடியும். 6-இல் ஆடினால் இரண்டாமவர் 3-இல் ஆடி இரண்டு கோடுகளை ஒருங்கே மூடுகிறார். 7, 4 என்ற தடுப்புகளுக்குப் பின் முதலாமவருக்குக் கீழ்க்கோடு மட்டுமே மிச்சம், அதில் 8-ஐயோ 9-ஐயோ இரண்டாமவர் எடுத்துவிடுவார்.

விளிம்புத் தொடக்கத்துக்கும் பதில் நடுக்கட்டமே. முதலாமவர் 2, இரண்டாமவர் 5. இடவலச் சமச்சீரால் பார்க்க வேண்டிய கிளைகள் 1, 4, 7, 8. இவற்றுள் 1-உம் 7-உம் நாம் மூலைத் தொடக்கத்தில் கண்ட நிலைகளே. குறிகள் வேறு வரிசையில் வந்து அதே பலகையாகிவிட்டன, அல்லது அதைத் திருப்பிய வடிவமாகிவிட்டன. 8-இல் ஆடினால் இரண்டாமவர் 1-இல் மிரட்டி, முதலாமவர் 9-இல் தடுத்து 7-இல் மிரட்ட, இரண்டாமவர் 7-இல் தடுக்கும்போதே 3-க்கும் 4-க்கும் இரட்டை மிரட்டல் கிடைத்து வென்றுவிடுகிறார். 4-இல் ஆடினால் இரண்டாமவர் 1-இல் ஆடி, 2-ஐயும் 4-ஐயும் இணைக்கும் அந்த மூலையைப் பறித்துக்கொள்ள வேண்டும். முதலாமவர் 9-இல் தடுத்தபின் 3, 7, 8, 6 என்று பலகை நிரம்பும். மூன்று தொடக்கங்களிலும் இரண்டாமவர் தோற்கவில்லை. முதல் அரை மரம் வேரின் மதிப்பு 0-க்குக் கீழே போகாது என்கிறது. இரண்டாவது அரை மரம் 0-க்கு மேலே போகாது என்கிறது.

கையால் செய்ததைச் சரிபார்க்க விரும்புபவர்கள் முழு மரத்தையும் கணினியிடம் கொடுக்கலாம். பைத்தானில் இவ்வளவு எழுதினால் போதும். இதில் கட்டங்கள் 0 முதல் 8 வரை எண்ணப்படுகின்றன.

```python
W = [(0,1,2),(3,4,5),(6,7,8),(0,3,6),
     (1,4,7),(2,5,8),(0,4,8),(2,4,6)]

def val(b, p):
    for i, j, k in W:
        if b[i] != " " and b[i] == b[j] == b[k]:
            return 1 if b[i] == "X" else -1
    if " " not in b:
        return 0
    q = "O" if p == "X" else "X"
    r = [val(b[:i] + p + b[i+1:], q)
         for i in range(9) if b[i] == " "]
    return max(r) if p == "X" else min(r)

print(val(" " * 9, "X"))
```

திரையில் `0` என்று வரும். பெரியதை எடு, சிறியதை எடு என்ற இரு விதிகளும் கடைசி `return` வரியில் இருக்கின்றன. எழுதும்போது அடிக்கடி நேரும் பிழை, வெற்றி பெற்றாயிற்றா என்று பார்க்கும் முன்பே கட்டங்கள் நிரம்பியதா என்று பார்ப்பது. அப்படிச் செய்தால் ஒன்பதாவது குறியால் கிடைத்த வெற்றிகள் எல்லாம் சமனாகக் கணக்கிடப்படும். வேரில் அப்போதும் `0` என்றே வருவதால் பிழை கண்ணில் படாது. இடைப்பட்ட நிலைகளைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியவரும்: `val("XX OOXXOO", "X")` என்று கேட்டால் சரியான நிரல் `1` என்று சொல்லும், பிழையான நிரல் `0` என்று சொல்லும்.

இரு அரை மரங்கள் என்ற இதே எண்ணம் மிகப் பெரிய ஆட்டங்களுக்கும் உதவியிருக்கிறது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் ஷேஃபரும் அவர் குழுவும், செக்கர்ஸ் ஆட்டமும் பிழையின்றி ஆடினால் சமன் என்று 2007-இல் அறிவித்தார்கள். அந்த ஆட்டத்தில் சுமார் 5 × 10^20 நிலைகள் உண்டு. நிறுவலுக்குத் தேவைப்பட்ட கணக்கீடுகளோ 10^14 அளவுதான். காக்க வேண்டிய தரப்புக்கு ஒரு கிளை போதும் என்பதால் விட்டுவிட முடிந்த பகுதி அவ்வளவு பெரியது.

வேரில் உள்ள 0 எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நடு, மூலை, விளிம்பு ஆகிய மூன்று தொடக்கங்களுக்கும் மதிப்பு ஒன்றேதான். ஆகவே பிழை செய்யாத எதிராளிக்கு முன்னால் எங்கே தொடங்கினாலும் ஒன்றுதான். மனிதர்கள் பிழை செய்வார்கள். நடுவில் தொடங்கினால் எதிராளியின் எட்டுப் பதில்களில் நான்கு மூலைகள் அவரைக் காப்பாற்றும். விளிம்பில் தொடங்கினாலும் நான்கு பதில்கள் காப்பாற்றும்: நடுக்கட்டம், பக்கத்தில் உள்ள இரு மூலைகள், எதிர் விளிம்பு. மூலையில் தொடங்கினால் எட்டில் ஒன்றே ஒன்று, நடுக்கட்டம் மட்டும்தான் காப்பாற்றும். மற்ற ஏழும் தோல்விக் கிளைகள். புதிதாக ஆடும் ஒருவருடன் உட்காரும்போது நான் மூலையில் தொடங்குவது அதனால்தான், அவர் கை நடுக்கட்டத்தை நோக்கிப் போகிறதா என்று பார்ப்பதற்காக.